கொண்டையில் தெர்மாமீட்டர் செருகிய ஸ்டோர்க்காரி

கொம்பனுக்கு நான் எண்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். பெரிய அடுப்பும் அண்டாக்களும் வாங்க அவனிடம் கைநீட்டி வாங்கிய பணம். வட்டியை மாசம் தவறாமல் கொடுத்துவிட்டேன், அசல் மட்டும் அப்படியே கிடந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எச்சில் தட்டு கழுவியவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குச் சுடச்சுடப் பரிமாற என்னை விட்டால் இந்த ஊரில் ஆளில்லை. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. அதனால் இப்போது எழுதப்போவது கல்லூரி ஸ்டோர்க்காரியைப் பற்றி.

ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தோள் ரெண்டும் மூட்டை தூக்குகிறவன் தோள். விடுதிச் சமையலறையில் எடுபிடியாக நுழைந்து, காய் நறுக்கி, அரிசி அளந்து, கடைசியில் கல்லூரி ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள். புருஷன் ஒருநாள் குடித்துவிட்டுக் கைநீட்டினானாம். கரண்டியால் திருப்பிக் கொடுத்தாளாம். முன்பல் ரெண்டை வாசலில் விட்டுவிட்டுப் போனவன் அதை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். கொண்டையில் பூ இருக்காது. கூர் முனை உள்ள எஃகு தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டை ஊசி மாதிரிச் செருகியிருப்பாள். எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் அதை உருவி உள்ளே குத்திப் பார்ப்பாள். சூடு அறுபது டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தப் பாத்திரம் அவளுக்குக் குப்பைத்தொட்டி.

கல்லூரி கேன்டீனைப் பல வருஷமாகக் கொம்பன்தான் நடத்திக்கொண்டிருந்தான். அந்த வருஷம் அவன் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு ஒரு வகுப்பே ஆஸ்பத்திரியில் படுத்தது. ஒரு பெண் பிள்ளை ரத்தமாக வாந்தி எடுத்துப் பிழைத்ததே பெரிது. தண்ணீர்மேல் பழியைப் போட்டு கொம்பன் தப்பித்துக்கொண்டான். ஆனால் கல்லூரி புதிதாக டெண்டர் விட்டது. மூன்று பேர் போட்டோம். கொம்பன், நான், மூன்றாவதாகச் சின்ன அடுப்படி வைத்து நடத்தும் அக்கா தங்கச்சி ரெண்டு பேர். மூவரின் சமையலறையையும் பார்த்து, விலை, சுத்தம், சொன்ன நேரத்துக்குக் கொடுக்கும் நம்பகம் மூன்றையும் எடைபோட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று மெமோ எழுதுவது ஸ்டோர்க்காரி வேலை. கமிட்டி அதைப் படித்துத்தான் முடிவு செய்யும். சுத்தத்தில் பாதி மார்க்குக்குக் கீழே போனவனின் விலையைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று டெண்டரிலேயே விதி இருந்தது.

விலைக் கவர் கொடுப்பதற்கு முன்தினம் கொம்பன் என் அடுப்படிக்கு வந்தான். கூட ரெண்டு தடியன்கள்.

"என்ன பெருசு, கல்லூரிக்கு ஆசை வந்துடுச்சாமே?"

"ஆசைப்பட்டா என்ன? வயிறு இருக்கறவன்தானே நானும்."

"தாராளமா போடு. ஆனா என் விலையை விட ரொம்பக் கூட்டிப் போடு. மூணு கவர் இருந்தாத்தான் டெண்டர் நிக்கும். நீ பேருக்கு இரு, நான் எடுத்துக்கறேன். எண்பதை மறந்துடறேன்."

"கடனை நீ மறக்கலாம், நான் மறக்க மாட்டேன். என் விலை என் விலைதான்."

அண்டா மூடியை எடுத்து என் வாயிலேயே அறைந்தான். கடைவாய்ப் பல் ஒன்று பெயர்ந்து நாக்கில் உருண்டது. துப்பினேன், அவன் செருப்பில் விழுந்தது. தடியன்கள் என்னைக் கீழே தள்ளி இடுப்பில் மிதித்தார்கள். என் வயசில் இன்னொருத்தன் என்றால் படுத்த படுக்கைதான். நான் மறுநாள் காலையில் வீங்கின வாயோடு போய் என் கவரைப் பெட்டியில் போட்டேன். கட்டுப்படியான விலை. கவர் பிரித்தபோது கொம்பன் விலை என்னுடையதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. என்னை முந்திவிட வேண்டும் என்று பயந்து குறைத்திருந்தான்.

ஸ்டோர்க்காரி ஆய்வுக்குக் கிளம்பினாள். கொம்பனின் சமையலறையில் முகம் பார்க்கலாமாம், அவ்வளவு பளபளப்பு. வெள்ளை ஓடு, வெள்ளைத் தொப்பி. அவள் சுவரைப் பார்க்கவில்லை. மூலையில் எண்ணெய்க் கழிவு தங்கும் தொட்டியின் மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கினாள். உள்ளே சிலந்தி வலை. நறுக்கும் பலகையைத் தடவினாள். ஒரு கத்திக் கோடு இல்லை.

"ஆயிரம் பேருக்கு இங்கயா சமைக்கறீங்க? இந்தத் தொட்டியில சிலந்திதான் குடித்தனம் பண்ணுது."

கொம்பன் வழி மறித்திருக்கிறான். தோளால் ஒரு இடி கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்தாள். ரெண்டு சந்து தள்ளி ஒரு தகரக் கொட்டகை. கொம்பனின் நிஜச் சமையல் அங்கேதான். சாக்கடையை ஒட்டி அடுப்பு. நேற்று மிஞ்சிய சோற்றை இன்றைய சோற்றோடு கிளறிக்கொண்டிருந்தார்கள். தெர்மாமீட்டரைக் குத்தினாள். நாற்பதைத் தாண்டவில்லை. அண்டாவை எட்டி உதைத்தாள், அத்தனையும் சாக்கடைக்குப் போனது. கரண்டியை ஓங்கி வந்தவன் அந்தச் சோற்றிலேயே வழுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான்.

அக்கா தங்கச்சி அடுப்படியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முந்நூறு பேருக்கு மேல் அவர்களால் தாங்க முடியாது.

பிறகு என் இடம். என் தொட்டியில் கழிவு நிரம்பி நாறியது. நிஜமாகவே சமையல் நடக்கிற இடம் என்று அதைப் பார்த்துத் தலையாட்டினாள். மற்றதெல்லாம் தேறிவிட்டது என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது கேட்டாள்.

"மாஸ்டர், போன வருஷம் மில் கேன்டீன்ல ஒருநாள் சோறே போகலையாமே? மில்லுல போய் விசாரிச்சுட்டுத்தான் வரேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அன்று வண்டி டயரை நாலையும் கிழித்தவன் யார் என்று எனக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் முடியாது.

"அது கொம்பன் வேலைம்மா! அதைப் போய் எழுதுவியா?"

"கிழிச்சது யாரோ. சோறு போகலை. நாலு மூட்டை தலையில வெச்சாவது அனுப்பியிருக்கலாம். வேற வண்டி எடுத்திருக்கலாம். எடுக்கலை."

"முப்பது வருஷத் தொழில்ல ஒரே ஒருநாள்!"

"அந்த ஒருநாள் மில்லுல எல்லாரும் பட்டினி."

அண்டா கிளறும் துடுப்பை ஓங்கிவிட்டேன். அவள் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை.

"அடிக்கணும்னா அடி மாஸ்டர். அடிச்சுட்டு டீ போடு, தலை வலிக்குது. ரெண்டுக்கும் மெமோ மாறாது."

துடுப்பைத் தரையில் எறிந்தேன், நடுவில் விரிசல் விட்டது. டீயும் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குச் சர்க்கரை போடவில்லை, அது என் கோபம்.

மெமோ தன்னைத் தள்ளிவிடப் போகிறது என்று கல்லூரி அக்கவுன்டன்ட் மூலம் கொம்பனுக்குத் தெரிந்துவிட்டது. நான் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டைக் கொடுக்க ஸ்டோருக்குப் போன நேரம், உள்ளே அவன் கத்துகிற சத்தம் வெளியே கேட்டது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன், அவள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சுத்தத்துல எனக்குப் பாதிக்கு மேல போடு. இல்லைன்னா இந்தக் கை இனிமே எழுதாது."

"கொட்டகைக்கு மார்க் போடற வழக்கம் இங்க இல்லை. வெளிய போ."

அவள் வலது கையைப் பிடித்து இரும்பு அலமாரியின் இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். சுள்ளி முறிகிற சத்தம். ரெண்டாவது தடவையும் சாத்தினான். அவள் கத்தவில்லை. இடது கை தலைக்குப் போனது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. தெர்மாமீட்டரை அவன் உள்ளங்கையில் இறக்கினாள். மறுபக்கம் முனை தெரிந்தது. அவன் போட்ட ஓலத்தில் அரிசி மூட்டைமேல் இருந்த பூனை ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு ஓடியது.

பிறகு என் முறை. உள்ளே பாய்ந்து எடைக்கல்லை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். விழுந்தவனைக் காலைப் பிடித்து வாசல்வரை இழுத்தேன். பல்லுக்குப் பல் என்று ஒரு குத்தும் விட்டேன், அவனுக்கு ரெண்டு போனது. காவலாளிகள் வந்து என்னைத்தான் முதலில் பிடித்தார்கள்.

அவள் சேலைத்தலைப்பால் கையைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கினாள். ரத்தம் தெறித்த பக்கத்தை மட்டும் கிழித்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"நாளைக்குக் கமிட்டி. போற வழியில டைப்பிஸ்ட் வீட்டுல இறங்கி மிச்ச மெமோவை வாயால சொல்லிட்டுப் போறேன். கை உடைஞ்சது சுத்தத்துலயும் வராது, விலையிலயும் வராது. அதைப் போலீஸுக்குத் தனியாச் சொல்லிக்கலாம்."

மறுநாள் கமிட்டி மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. கொம்பனின் கையிலும் முழங்காலிலும் தடிமனான கட்டு. ஸ்டோர்க்காரி கையில் மாவுக்கட்டு. எனக்கு வாய் இன்னும் ஒரு பக்கம் கோணல். கேன்டீன் டெண்டரா கசாப்புக்கடை டெண்டரா என்று அக்கா தங்கச்சியில் மூத்தவள் என் காதில் கேட்டாள்.

அக்கவுன்டன்ட்தான் ஆரம்பித்தார். "சார், குறைஞ்ச விலையை ஒதுக்கறது கல்லூரிக்கு நஷ்டம். அதுவும் இல்லாம, அடிதடி நடந்தப்ப இந்தப் பெரியவர் ஸ்டோர்ல என்ன பண்ணிட்டிருந்தார்? பேரம் படிஞ்சிருக்கு."

"காசு கை மாறியிருக்கு சார். அவளை நம்பாதீங்க. என்னைக் குத்தினவ" என்றான் கொம்பன்.

ஸ்டோரில் நான் செய்ததெல்லாம் அவளுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மெமோ போனால் வேலையும் போகும், கொம்பனே திரும்பி வருவான், அடுத்த வகுப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும்.

பிரின்சிபால் மெமோவைப் புரட்டினார். ஒரு பத்தியில் விரல் வைத்து உரக்க வாசித்தார். நான் துடுப்பை ஓங்கிய அதே விஷயம். இந்த ஒப்பந்தக்காரர் மில் கேன்டீனுக்கு ஒருநாள் உணவு அனுப்பத் தவறினார், மாற்று ஏற்பாடு செய்யவில்லை, நம்பகத்தில் மார்க் குறைக்கப்படுகிறது, இவருக்கே கொடுப்பதானால் டெபாசிட் இரட்டிப்பாக வாங்க வேண்டும், மாற்று வண்டி எப்போதும் நிற்க வேண்டும், முதல் மூன்று மாசம் சோதனைக்காலம்.

"காசு வாங்கினவங்க இப்படியா எழுதுவாங்க?" என்று அக்கவுன்டன்டைக் கேட்டார். "கொட்டகையை நானே காலையில போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். சாக்கடையில சோறு இன்னும் மிதக்குது."

எனக்கே ஒப்பந்தம் என்று கையெழுத்து போட்டார். கொம்பன் நாற்காலியைத் தூக்கி அவர்மேல் எறிந்தான். ஜன்னல் உடைந்தது, அவர் பிழைத்தார். வெளியே காத்திருந்த போலீஸுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

இரட்டை டெபாசிட்டுக்கு வண்டியின் காகிதங்களை அடகு வைத்தேன். முதல் வாரத்திலேயே அவள் வந்து என் குழம்பு அண்டாவில் புது தெர்மாமீட்டரைக் குத்தினாள். ஐம்பத்தைந்து. மாவுக்கட்டு பிரித்தும் கோணலாகவே நின்ற ரெண்டு விரலால் அண்டாவைக் கவிழ்த்தாள். நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மறுபடி சமைத்தேன். அன்றைக்கு மணியடித்தும் ஒருத்தரும் வகுப்புக்குப் போகவில்லை, சாப்பாடு அவ்வளவு ருசி.

சோதனைக்காலம் முடிந்து கல்லூரிப் பணம் மொத்தமாக வந்த அன்று கோர்ட்டுக்குப் போனேன். ஜாமீனில் இருந்த கொம்பன் வாய்தாவுக்காகப் படியில் உட்கார்ந்திருந்தான். தடியன்கள் இல்லை. என்னைக் கண்டதும் கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான், அடிக்க வந்தேன் என்று நினைத்துவிட்டான்.

"கையை நீட்டுடா" என்றேன்.

நீட்டினான். உள்ளங்கை நடுவில் பொத்தானளவு வட்டத் தழும்பு, இன்னும் சிவப்பாக. நான் எச்சில் தொட்டு, அவன் காதில் விழும்படி சத்தமாக, ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்தத் தழும்பின்மேல் வைத்தேன். விரல்கள் முழுசாக மடங்கவில்லை. எண்பதாயிரம் வரும்வரை அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.