அக்காவின் ஹோயா பூக்காத வருஷம்

மல்லிகையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு மயிலாப்பூரில் யாருக்கும் தெரியாது என்று எனக்கு ஒரு தலைக்கனம். மார்கழி முடிவதற்குள் செடியை ஒட்ட வெட்டிவிடுவேன். பங்குனியில் கொட்டு கொட்டென்று கொட்டும். அடுக்குமாடியில் எல்லாரும் என்னைத்தான் கத்தரியோடு கூப்பிடுவார்கள். அந்தக் கத்தரியோடுதான் அடையாறில் அக்கா வீட்டுக்கும் போய்த் தொலைத்தேன்.

அக்காவுக்கு அந்த ஐப்பசியில் முழங்கால் ஆபரேஷன். ஆறு மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். வாரம் ஒரு நாள் நான் போய் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெருக்கித் துடைத்துச் செடிக்குத் தண்ணீர் விடுவது அங்கே பதினொரு வருஷமாக வேலை செய்கிற அம்மாளின் பொறுப்பு. செடி என்றால் ஒன்றே ஒன்றுதான், அத்திம்பேர் பால்கனிக் கம்பியில் ஏற்றிவிட்ட ஹோயாக் கொடி. தடித்த இலை, மெழுகில் செய்து ஒட்டினாற்போல் கொத்துக் கொத்தாய்ப் பூ, பொழுது சாய்ந்தால் ஒரு வாசனை. அத்திம்பேர் போனபின் அக்கா சாயங்காலக் காப்பியை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிப்பாள்.

மார்கழியில் ஒரு நாள் போய்ப் பார்த்தால், கொடி முழுக்கப் பூ உதிர்ந்த பழைய காம்புகள். அந்தக் காம்புகளில் இலையும் இல்லை, மொட்டும் இல்லை, குட்டை குட்டையாய் வெறும் குச்சிகள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கத்தரியை எடுத்ததும் வேலைக்கார அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

"அத்த வெட்டாதீங்கம்மா. அதுலதான் மறுபடியும் பூக்கும்னு ஐயா சொல்லிக்கினே இருப்பாரு. யாரையும் தொட உட மாட்டாரு."

"செடியப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். போய் வேலையைப் பாரு."

ஒன்று விடாமல் வெட்டினேன். கொடி பளிச்சென்று ஆனதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

சித்திரையில் அக்கா வந்தாள். வழக்கமாக அதற்குள் மொட்டு வந்திருக்குமாம். வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. இலை தளதளவென்று இருந்ததே தவிர ஒரு மொட்டு இல்லை. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கணுவாய்த் தடவிப் பார்ப்பாள். "அவர் போனப்போகூடப் பூத்துதேடி," என்று போனில் என்னிடமே அழுதாள். வெயில் போதவில்லையோ என்னவோ என்றேன். அது வரைக்கும் எனக்கு நிஜமாகவே தெரியாது.

கடைசியில் அசோக் நகரிலிருந்து ஒரு நர்சரிக்காரரை வரவழைத்தாள். நானும் போயிருந்தேன். அவர் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செடி நல்லாத்தான் கீதும்மா. காம்ப யாரோ வெட்டிட்டாங்க, தோ பாருங்க, தழும்பு. பாக்க காஞ்சாப்ல இருக்கும், ஆனா உசுரு இருக்கும். வருசா வருசம் அதே காம்பு நுனியிலதான் மொட்டு வரும். இனிமே புதுக் காம்பு உட்டு, அப்பால தான் பூக்கும். லேட் ஆவும்."

அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வேலைக்கார அம்மாளைப் பார்த்தாள்.

"நான் இல்லம்மா. சின்னம்மாதான் வெட்னாங்க. வாணாம்னு சொன்னேன்."

"நானா?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது, வெறும் கேள்விதானே. அக்காவுக்கு அதுவே போதுமாயிருந்தது. "செய்யறதையும் செஞ்சுட்டு என் தங்கை மேல பழி போடறியா? நாளைலேர்ந்து வராதே," என்றாள். அத்திம்பேரைக் கடைசி மூன்று மாதம் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி புகட்டி, துடைத்துவிட்டவள் அந்த அம்மாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். கௌரவமாம், மண்ணாங்கட்டி. பதினொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை நிறுத்தினால் ஏன் என்று அந்தத் தெருவில் கேட்காமல் இருப்பார்களா? அவள் வேலை செய்த மற்ற ரெண்டு வீட்டிலும் கை நீளம் என்றே பேச்சாகி, அங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ பட்டறையில் பெருக்குகிறாளாம். இதைக்கூட அக்காதான் சொன்னாள், நல்லவேளை தொலைந்தாள் என்கிற குரலில்.

அடுத்த பங்குனியில் அக்கா போன் பண்ணி உடனே வா என்றாள். போனேன். புதுக் காம்பு விட்டு மூன்று கொத்து பூத்திருந்தது. பால்கனியில் எனக்கும் நாற்காலி போட்டு, காப்பியைக் கையில் கொடுத்தாள்.

"பாத்தியா, அவ கை படாம இருந்ததும் பூத்துடுத்து," என்றாள்.

"ஆமாக்கா," என்றேன்.