டிசம்பரின் இரண்டாம் பௌர்ணமி

பத்து பகாட் என்ற ஊரின் கடலோரத்தில் ஒரு பாக்குத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மண்கரைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகிக் கடல் ஏறும். அன்றெல்லாம் மதகை அடைத்துக் கரையைக் காக்க ஆள் போட வேண்டும். அதனால் ஆண்டுப் பிறப்பில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, துரைக்கு இங்கிலீஷ் மாதக் கணக்கில் இரண்டையும் எழுதிக் கொடுப்பது என் வேலை.

அந்த ஆண்டு அமாவாசை பன்னிரண்டு, பௌர்ணமி பதின்மூன்று. டிசம்பர் பிறந்ததும் ஒரு பௌர்ணமி, முடியும்போது இன்னொன்று.

மதகுக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கலங்கினார். "ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமியா? மல மாசம்லா, கிராணியாரே. நல்லதுக்கில்ல."

கோயில் பண்டாரம் சிரித்தார். "அது வெள்ளைக்காரன் மாசம்யா. நம்ம கணக்குல முதல் பௌர்ணமி கார்த்திகையில, அடுத்தது மார்கழியில. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாளு. டிசம்பருக்கு முப்பத்தொரு நாளு. தொடக்கத்துல ஒண்ணு விழுந்தா கடைசியில இன்னொண்ணு விழத்தானே செய்யும்? நிலா ஒண்ணும் தப்பு பண்ணல."

அவர் சொன்னது சரி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்கள் நிம்மதியானார்கள். எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. கடல் எந்த மாதத்தையும் பார்ப்பதில்லையே.

கார்த்திகைப் பௌர்ணமி ஓதத்திலேயே கரையின் ஒரு முனை சரிந்தது. மண் போட்டு அடைத்தோம். நடுவில் வந்த அமாவாசை ஓதத்தை எப்படியோ அது தாங்கிவிட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. உள்ளே மழைத் தண்ணீர், வெளியே கடல். வடிய விடலாம் என்றால் இறக்கம் வரும் சிறிது நேரம்தான் மதகைத் திறக்க முடிந்தது. கரை ஊறிக் கொழகொழவென்று ஆனது. நண்டு வளைகளில் நீர் கசிந்தது.

"லயத்த காலி பண்ணுவோம் துரை" என்றேன்.

"பௌர்ணமி கழியட்டும்" என்றார் அவர்.

மார்கழிப் பௌர்ணமியன்று ஒன்றும் நடக்கவில்லை. கோயிலில் பொங்கல் வைத்தார்கள். மதகுக்காரர் மட்டும் தன் மனைவியை மேட்டிலிருந்த பாக்கு உலர்த்தும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"பண்டாரம் சொன்னபடி ஒண்ணும் ஆகாம போயிடுச்சுலா?"

"இன்னும் போகலண்ணே. பௌர்ணமிக்கு மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் ஓதம் உச்சம்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில், மழைகூட இல்லாத நேரத்தில், நீர் கரையின் விளிம்புக்கு வந்து நின்றது. அலையே இல்லை. மதகுக்காரரும் நாலு பேரும் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நின்ற இடம் மட்டும் அவரோடு சத்தமில்லாமல் உள்வாங்கி, கடல் உள்ளே பாய்ந்தது. மற்றவர்கள் கத்தினார்கள். நான் லயத்துப் பக்கம் ஓடி, கதவு கதவாகத் தட்டிச் சனங்களை மேட்டுக்கு விரட்டினேன். கடைசி வீட்டுக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள்.

கடல் இறங்கியபின் கண்டல் காட்டு வேர்களுக்கிடையில் அவர் உடலை எடுத்தோம். அவர் மனைவி அழவில்லை. "மாசத்த மாத்திப் பேசுனா நிலா கேக்குமா?" என்று பண்டாரத்தைப் பார்த்துக் கேட்டாள். 

கிணறு உப்பாயிற்று. பாக்கு மரங்கள் மஞ்சளாகிக் குருத்து சாய்ந்தன. சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகச் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். கடைசி லாரியில் நானும் ஏறினேன்.