எனக்கு வருதே

ஆஸ்பத்திரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் ‘எனக்கு வருதே’. தளம் மெதுவாக இருக்கிறது என்று யார் வந்து நின்றாலும், தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, அந்த இரண்டு வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்.

அன்று மாட்டியது அவருடைய அக்கா. டாக்டரைப் பார்க்க நேரம் பதியவேண்டும். மற்ற தளமெல்லாம் பறக்கிறது, இது மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போன் செய்தாள்.

“எனக்கு வருதேக்கா. உன் போன்லதான் கோளாறு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எத்தனை தடவ சொல்றது?” என்று எரிந்து விழுந்தார்.

போனை வைத்த பிறகு, என்னவோ தோன்றித் தன் போனிலும் திறந்து பார்த்தார். வட்டம் சுற்றியது. செய்தித் தளமோ நொடியில் வந்தது. லேப்டாப்பின் அமைப்புகளைத் திறந்து பார்த்தார்.

தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அந்தச் சர்வரின் முகவரியைத் தன் லேப்டாப்பில் மட்டும் எழுதி வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் வழி சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்ற மறந்தே போனார். அவர் மட்டும் புதிய சர்வருக்குப் போய்வர, நோயாளிகள் அத்தனை பேரும் மாதக்கணக்காகப் பழைய சர்வரில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் காட்டாமல் பதிவை மாற்றினார். சாயங்காலம் அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

“நீ சொன்ன மாதிரியே ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்டா. இப்ப உடனே வருது. என் போன்லதான் கோளாறு. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காத.”

“சரிக்கா,” என்றார். வேறெதுவும் அவருக்கு வரவில்லை.