தமிழ் போலத் தெரிந்த அட்டைகள்

இரண்டு கிழமை விடுமுறை முடிந்து, டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குத் திரும்பிய காலை, அங்கே நான் பராமரிக்கும் ஐயாவின் மகள் என்னை வாசலிலேயே மறித்தாள். ஹோர்சன்ஸ் நகரிலிருந்து, வேலைக்குப் போகுமுன் வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“அக்கா, அப்பாவுக்குத் தமிழும் வாசிக்க ஏலாதாம். அப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கினம். உண்மையோ?”

ஐயா இந்த ஊர்த் துணி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். பாரிசவாதம் வந்தபின் அவருடைய டேனிஷ் முழுதாகப் போய்விட்டது. தமிழில் “ஓம்”, “இல்லை” என்ற இரண்டு சொற்கள்தான் வாயில் வரும். ஆனால் அதன்பிறகும் கோயில் அறிவித்தலை அவர் விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்ததை நான் கண்டிருக்கிறேன்.

கணினியில் அவருடைய குறிப்பைத் திறந்தேன். ‘தாய்மொழி எழுத்தையும் புரிந்துகொள்வதில்லை. அட்டைகளைத் தள்ளிவிடுகிறார். எரிச்சலடைகிறார்.’

அறைக்குப் போனேன். கட்டிலருகே, தேவையானதைத் தொட்டுக் காட்டவென்று நான் இல்லாதபோது செய்த, பிளாஸ்டிக் உறையிட்ட ஆறு அட்டைகள். தண்ணீர்க் குவளை, போர்வை, கழிப்பறை, தோளைப் பிடித்தபடி முகம் சுளிக்கும் மனிதர். அழகான படங்கள். மேலே டேனிஷ் சொல், கீழே தமிழ். தூரத்தில் நின்று பார்த்தால் தமிழ்தான். குனிந்து வாசிக்கப் போனேன், வாசிக்க முடியவில்லை. ‘த’ மாதிரி ஒன்று, அதற்கு ஒரு கால் கூடுதலாக. எந்த எழுத்தோடும் சேராமல் தனியே நிற்கும் கொம்பு. சுழி எண்ணிக்கை பிழைத்த ஏதோ ஒன்று. கழிப்பறைப் படத்தின் கீழ் சிக்கல் விழுந்த நூல் போல ஒரு நீண்ட வரி.

ஐயாவுக்கு எழுத்து மறக்கவில்லை. அங்கே எழுத்தே இருக்கவில்லை.

அட்டைகளை அள்ளிக்கொண்டு எங்கள் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“இவற்றில் ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை” என்றேன், டேனிஷில்.

அவள் திகைத்தாள். “படம் உருவாக்கும் செயலியிடம் கேட்டுத்தான் செய்தேன். டேனிஷ் எல்லாம் சரியாக வந்திருக்கிறதே? உனக்கும் ஒளிப்படம் அனுப்பினேன். சரியென்று கட்டைவிரலைக் காட்டினாயே.”

காட்டியிருந்தேன். விடுமுறையில், தொலைபேசியின் சின்னத் திரையில், ஒரு கணம் பார்த்துவிட்டு. அந்த நினைவு என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது.

“அது எழுதுவதில்லை, வரைகிறது. உங்கள் எழுத்துள்ள படங்களை ஏராளமாகப் பார்த்திருக்கும், அதனால் சரியாக வரைகிறது. எங்களுடையதைக் குறைவாகத்தான் பார்த்திருக்கும். அதை வைத்து ஒரு மனிதருக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதிவிட்டீர்கள்!”

“சரி, திருத்தச் சொல்லிப் பார்ப்போம்” என்றாள்.

அவளருகே அமர்ந்து சொற்களை நானே சரியாகத் தட்டச்சிட்டுக் கொடுத்தேன். ‘நோகுது’ மூன்றாம் முறை சரியாக வந்தது. ஆனால் படத்திலிருந்த மனிதர் வேறொருவராகி, தோளுக்குப் பதில் வயிற்றைப் பிடித்திருந்தார். ‘மலசலகூடம்’ ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் உடைந்தது. ஓரெழுத்தைத் திருத்தக் கேட்டால் பக்கத்து எழுத்தும் மாறியது. மேசையில் குத்தவேண்டும் போலிருந்தது.

“எழுத்தே வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் மட்டும் தரட்டும்.”

படங்கள் வந்தன. அவற்றை வெறும் ஆவணப் பக்கத்தில் வைத்து, கீழே தமிழ் எழுத்துருவில் நானே தட்டச்சிட்டேன். அச்சிட்டு வாசித்துப் பார்த்தேன். எல்லாமாகக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை யாரும் செலவழிக்காததால்தான் ஐயா இரண்டு கிழமை வாயடைத்துக் கிடந்தார்.

கட்டில்மேசையில் அட்டைகளைப் பரப்பினேன். வழக்கம்போலத் தள்ளக் கையைத் தூக்கியவர் நிறுத்தினார். விரல் ‘தண்ணி’யின் கீழ் ஊர்ந்தது. பிறகு ‘நோகுது’வில் போய் அழுந்தியது.

“எங்க ஐயா நோகுது?”

வலது தோளைக் காட்டினார். பிறகு மீண்டும் அட்டையை, மீண்டும் தோளை.

“கன நாளாவோ?”

“ஓம். ஓம். ஓம்.”

மருத்துவர் அன்றே வந்து பார்த்தார். செயலிழந்த பக்கத்துத் தோள் மூட்டு விலகியிருந்தது. உடுப்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் நொந்திருக்கும். அதைத்தான் ‘எரிச்சல்’ என்று எழுதியிருந்தார்கள். பழைய குறிப்பை அழிக்க முடியாதாம். அதன் கீழே, ‘அட்டைகள்தான் பிழை; இவர் தமிழை நன்றாக வாசிக்கிறார்’ என்று எழுதினேன். பொறுப்பாளர், ஐயாவின் மகளைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். நானும் என் கட்டைவிரலைப் பற்றி மகளிடம் சொன்னேன்.

மாலையில் புறப்படும்போது பக்கத்து அறைச் சுவரில் அரபு அட்டைகளைக் கண்டேன். அவையும் அதே நாளில் அதே செயலியால் செய்தவை. நின்று பார்த்தேன். என் கண்ணுக்கு அச்சு அசல் அரபுதான். எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுபோய்ப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன்.

“வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை இவை சுவருக்குப் போகக் கூடாது.”

அவள் தலையாட்டினாள். எனக்குக் கோபம் தணியவில்லை.