ஜான் பீட்டர் சொல்லாமல் விட்ட மயக்கங்கள்

காரைக்குடியில் தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறவர்களில் ஜான் பீட்டருக்கு ஒரு பெயர் உண்டு. அமராவதிபுதூர் தடத்தில் பதினோரு வருஷம் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அவன் அடித்ததில்லை. வயது முப்பத்தெட்டு. வெற்றிலை, பீடி, குடி எதுவும் கிடையாது. மனைவி யூஜினியா நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோயிலில் முன்வரிசையில் நிற்கிற குடும்பம்.

சித்திரை மாதத்து ஒரு காலை, பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது அவன் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியது. பஸ் மெதுவாகத்தான் போனது. போனது நேரே காய்கறிக்காரிகள் உட்கார்ந்திருந்த ஓரத்துக்கு. கண்டக்டர் முத்துக்கருப்பன் எகிறி வந்து ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் கீரை விற்கிற ஆயியின் கூடை சக்கரத்துக்குள் போய்விட்டது. ஆயி விழுந்ததில் வலது கை முறிந்தது.

ஜான் பீட்டர் கண் விழித்தபோது தரையில் கிடந்தான். யாரோ அவனை அறைந்துகொண்டிருந்தார்கள். "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வண்டி ஓட்டுறான் பாரு." நாலைந்து செல்போன்கள் அவன் முகத்துக்கு நேரே நீண்டிருந்தன. போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினான். மெஷின் ஒன்றும் காட்டவில்லை. அதற்குள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாடியைப் பிடித்துவிட்டு இரண்டாம் முறையும் எண்ணினாள். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "இதயத்தோட மேல் அறை துடிக்கிறது கீழ் அறைக்குப் போய்ச் சேரல. ரெண்டும் தனித்தனியா அடிக்குது" என்றார். மதுரைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்.

மதுரையில் இதய மருத்துவர் சத்தியமூர்த்தி பார்த்தார். அங்கே போய்ச் சேர்வதற்குள் நாடி தானாகவே சரியாகியிருந்தது. மறுநாள் மறுபடி இறங்கியது. இப்படி வந்து வந்து போயிற்று. ஆஞ்சியோவில் ரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை.

"பேஸ்மேக்கர் வெச்சு அனுப்பிடலாம், சுலபம்" என்றார் அவர் யூஜினியாவிடம். "ஆனா எழுபது வயசுக்காரருக்கு வர்ற வியாதி முப்பத்தெட்டுல ஏன் வந்துச்சுன்னு பார்க்காம விடக்கூடாது."

எக்கோவில் இதயத்தின் நடுச்சுவர் மேல்பக்கத்தில் மெலிந்திருந்தது. மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அதே சுவரில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தது. மாரடைப்புத் தழும்பு ரத்தக் குழாய் போகிற வழியிலேதான் விழும். இவை அப்படி விழவில்லை. நெஞ்சு சி.டி.யில் நுரையீரல்களுக்கு நடுவே நெறிகட்டிகள் வீங்கியிருந்தன. சார்காய்டோசிஸாக இருக்கலாம் என்றார் டாக்டர். உடம்பின் காவல் செல்கள் காரணம் தெரியாமல் ஒன்றுகூடிக் கட்டிகட்டியாக உட்கார்ந்துகொள்ளும். இதயத்தில் உட்கார்ந்தால் துடிப்பு ஓடுகிற வழியை அடைத்துவிடும். அது இப்போது கனன்றுகொண்டிருக்கிறதா என்று காட்டுவது பெட் ஸ்கேன்.

அந்த ஸ்கேனுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முந்தின நாள் முழுக்கச் சோறு, இட்லி, பால், பழம், சர்க்கரை எதுவும் கூடாது. முட்டையும் வறுத்த கறியும்தான். ராத்திரிக்குப் பிறகு வெறும் தண்ணீர். சர்க்கரை கிடைக்காமல் இதயத்தைக் கொழுப்பில் ஓட வைத்தால்தான் நோய் உள்ள இடம் மட்டும் சர்க்கரையை இழுத்து ஒளிரும். யூஜினியாவும் அன்றைக்கு அவனோடு சோறில்லாமலே இருந்தாள். "நீங்க மட்டும் பட்டினி கிடப்பீகளா" என்றாள்.

காலையில் அவள் குளிக்கப் போன நேரம் அவனுக்குப் பசி தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் சீனி போட்ட டீ, இரண்டு பிஸ்கட். இதில் என்ன வந்துவிடும் என்று நினைத்தான்.

படம் வந்தது. இதயம் முழுக்க ஒரே சீராக எரிந்தது. திட்டு எது, நல்ல தசை எது என்று பிரிக்க முடியவில்லை.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் சத்தியமூர்த்தி.

"இல்ல சார்."

யூஜினியா முந்திக்கொண்டு சொன்னாள். "சார், நான் கூடவே இருந்தேன். பச்சத்தண்ணிதான் குடிச்சாக."

அவள் சொன்ன வேகத்தில் ஜான் பீட்டருக்குக் காது சுட்டது. டாக்டர் யோசனையோடு கிளம்பினார். கதவுவரை போயிருப்பார்.

"சார், டீ குடிச்சேன்" என்றான். "சீனி போட்டு. பிஸ்கட்டும் தின்னேன்."

யூஜினியா அவனைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

"வேற ஏதாவது சொல்லாம இருக்கீங்களா?"

இருந்தது. தை மாதம் கானாடுகாத்தான் ரோட்டில் பைக்கோடு விழுந்து கிடந்திருக்கிறான். நாய் குறுக்கே வந்ததென்று வீட்டில் சொன்னான். மாசியில் குளியலறையில் ஒருமுறை. வழுக்கிவிட்டது என்றான். நடுநடுவே நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி படபடத்து, கண் இருட்டி, பிறகு அடங்கும். யாரிடமாவது சொன்னால் சாவியை வாங்கிவிடுவார்கள். பதினோரு வருஷத்துப் பெயர் போய்விடும். அதனால் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் ஓட்டினான்.

எல்லாவற்றையும் சொன்னான்.

"இது ரொம்ப முக்கியமான விஷயம்" என்றார் டாக்டர். "மயக்கம் துடிப்பு குறைஞ்சு மட்டும் வரல போலிருக்கு. கீழ் அறை தாறுமாறா ஓடியும் வந்திருக்கலாம். அப்படின்னா வெறும் பேஸ்மேக்கர் பத்தாது. துடிப்பையும் நடத்தி, தேவைப்பட்டா ஷாக்கும் கொடுத்துக் காப்பாத்துற கருவி வேணும்."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் பத்தியம். இந்தமுறை யூஜினியா சோறு தின்றாள், அவனுக்கு எதிரிலேயே. படத்தில் இதயம் இருட்டாகக் கிடந்தது. நடுச்சுவரில் இரண்டு திட்டுகளும் நெஞ்சு நெறிகட்டிகளும் மட்டும் தணல் மாதிரி ஒளிர்ந்தன. மூச்சுக்குழாய் வழியாக நெறிகட்டியில் ஊசி போட்டு எடுத்த துணுக்கிலும் அதுவே உறுதியானது. டி.பி. இல்லை என்றும் பார்த்துக்கொண்டார்கள். தோளுக்குக் கீழே கருவியை வைத்து, ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இனி பஸ் ஓட்டக்கூடாது என்றார்கள், ஒருநாளும்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள் யூஜினியா பேசினாள். "சாவேன்னு பயந்து மறைக்கல நீங்க. பேரு போயிரும்னு மறைச்சீக. நம்ம புள்ளைகளும் அந்த பஸ்லதானே ஏறுச்சுக."

கைக் கட்டைப் பிரித்த பிறகு ஆயி மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள் என்று முத்துக்கருப்பன் சொன்னான். மாத்திரையில் ஊதிப்போன முகத்தோடு ஜான் பீட்டர் அவளிடம் போனான். அவளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"உக்காருப்பா" என்றாள். "நெஞ்சுல சீக்காமுல்ல. நான் குடிகாரப் பயன்னு ஊரெல்லாம் ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன். மனசுல வெச்சுக்காத. சீக்குக்கு நீ என்ன செய்வ?"

அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஊரே இப்போது அவனுக்கு அந்தச் சலுகையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. பாவம், நல்ல பையன், சீக்கு வந்துவிட்டது என்று.

"இல்ல ஆயி" என்றான். "முன்னாடியே ரெண்டு தடவ மயங்கி விழுந்தேன். தெரிஞ்சேதான் வண்டி ஓட்டுனேன்."

ஆயி கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. இடது கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போ" என்றாள். "யாவாரம் நடக்கணும்."

எழுந்து போனான்.

ஐப்பசியில் எடுத்த ஸ்கேனில் திட்டுகள் பெரும்பாலும் அணைந்திருந்தன. கருவி ஒருமுறைகூட ஷாக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பாதிக்கும் மேலான துடிப்பை அதுதான் நடத்துகிறது என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். பஸ் முதலாளி அவனை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வைத்துக்கொண்டார். புதிதாக வருகிற டிரைவர்களிடம் அவன் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றியோ குடியைப் பற்றியோ அல்ல. "எப்பவாச்சும் கண்ணு இருட்டுச்சா? எங்கிட்ட மறைக்காத" என்பான். சிலர் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கும்போது அவன் கீரைக்காரிகள் இருக்கும் பக்கம் பார்க்காமல் டிரிப் சீட்டில் பஸ் கிளம்பும் நேரத்தை எழுதிக்கொண்டிருப்பான்.