துண்டில் படிந்த சிவப்பு

சட்டம் படிக்க லண்டனுக்குப் புறப்பட்டபோது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "நெத்தியிலே நாமம் இல்லாம இருந்துடாதேடா." சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வெறும் நெற்றியை யாரும் பார்த்ததில்லை. லண்டனிலோ நாமத்தை யாரும் பார்த்ததில்லை. ஆகவே காலையில் அறைக்குள் இட்டுக்கொள்வேன். கதவைத் திறக்குமுன் ஈரத் துண்டால் துடைத்துவிடுவேன்.

தங்கியிருந்த வீட்டில் எல்லோருடனும் மேஜையில் உட்காரக் கூசி, அறையிலேயே ரொட்டி தின்றேன். வகுப்பில் மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டே சிரித்தேன். ஊருக்குக் கடிதம் எழுதும்போது வேறு ஆளானேன். தூக்கம் போயிற்று, உடம்பு இளைத்தது, படித்தது மனத்தில் நிற்கவில்லை.

ஒரு நாள் வீட்டுக்கார அம்மாள் சிவப்புக் கறை படிந்த துண்டும் கையுமாக டாக்டரை அழைத்து வந்துவிட்டாள்.

"இருமினால் ரத்தம் வருகிறதா?" என்றார் டாக்டர்.

க்ஷயரோகம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கப்பலில் ஊர்தான். அவர்கள் எதிரிலேயே நாமம் இட்டு, நடுவிலுள்ள சிவப்புக் கோட்டைத் துண்டில் தேய்த்துக் காட்டி, தினமும் துடைத்து மறைப்பதையும் சொன்னேன்.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "நுரையீரலில் ஒன்றுமில்லை. ஒளிந்து வாழ்வதுதான் உங்களை இளைக்க வைக்கிறது."

வீட்டுக்கார அம்மாளுக்குத்தான் கோபம். "இதைத் துடைக்கவா என் வெள்ளைத் துண்டெல்லாம் பாழாயிற்று?"

மறுபடி இட்ட நாமத்தோடு கீழே போய் எல்லோருடனும் உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இப்போது காஞ்சிபுரத்தில் வக்கீலாக இருக்கிறேன். தினமும் நாமம் இட்டுக்கொண்டு மேஜையில் ரொட்டியும் டீயும் சாப்பிடுகிறேன்.

"தெருவிலே யாராவது பாத்தா என்னடா நினைப்பா?" என்கிறாள் அம்மா.

பார்க்கட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.