அப்டேட்டை விடுங்க சார்

எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு கோபுரத்தைப் பார்த்துத்தான். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, தினமும் அந்தக் கோபுரத்தைக் கடந்து தென்னூர் ஆபீசுக்கு வண்டி ஓட்டிப் போகிறவன் நான். அதை நகரம் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில் அச்சு அசலாகக் கட்டி வைத்தவரோ மன்னார்புரத்துக்காரர். பள்ளியில் புவியியல் நடத்துகிற வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். எங்கள் ஊர்க் கோபுரத்தைக் கட்ட இவர் யார் என்று எனக்கு ஆத்திரம்.

விளையாடாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி கொடுப்பது சாதாரணச் சாலைகளும் வீடுகளும்தான். மற்றதை எல்லாம் விளையாடுகிறவர்களே செய்து, வொர்க்‌ஷாப் என்ற பொது இடத்தில் போட்டு வைப்பார்கள். பிடித்ததற்குச் சந்தா கொடுத்தால், காசு இல்லாமலே அது நம் கம்ப்யூட்டருக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டடம், வேப்பமரம், டவுன் பஸ் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் பிடிக்கும். விளையாட்டின் விதியையே மாற்றுகிற மாட் என்ற சின்ன நிரல்களும் உண்டு. சாலையை நம் இஷ்டத்துக்கு வளைக்க ஒன்று, டிராபிக்கை அடக்க ஒன்று.

வாத்தியாரின் கோபுரத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் சந்தா கொடுத்தார்கள். நான் கட்டிய தெப்பக்குளத்தை மூன்று பேர் எடுத்தார்கள். அதில் ஒருவன் நான்.

அவருடைய கோபுரத்துக்கு நானும் சந்தா கொடுத்தேன், குற்றம் கண்டுபிடிக்க. அதோடு நிற்கவில்லை. அவர் கட்டிய திருச்சி நகரத்தில் எந்த மரம் நிற்கிறது, எந்த விளக்குக் கம்பம் நிற்கிறது என்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சந்தா கொடுத்தேன். அவரைவிட நல்ல திருச்சியை நான் கட்டிவிட வேண்டும். விளையாட்டு எடுத்துக்கொண்ட இடம் கொஞ்சம்தான்; வொர்க்‌ஷாப் போல்டர் அதைப் போல ஐந்து மடங்கு வீங்கியது. பெண்ணின் பிறந்தநாள் வீடியோக்களை எல்லாம் வேறு டிஸ்க்குக்குத் தூக்கினேன். "வீட்டுப் படத்துக்கு இடமில்ல, யாரோ நட்ட மரத்துக்கு இடமிருக்கு" என்றாள் மனைவி.

விளையாட்டில் ஏற்பட்ட பழக்கத்தில் வாத்தியார் என்னைத் தம்முடைய நண்பன் என்றே நினைத்திருந்தார். பள்ளிக் கண்காட்சியில் தம் திருச்சியைத் திரையில் ஓடவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆற்றையும் தீவையும் விளக்கப் போவதாகச் சொன்னார். மூன்று வருட உழைப்பு. "நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று நகரத்தின் சேவ் பைலைப் பென் டிரைவில் கொடுத்தார். அன்றைக்கே என் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்த்தேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் கோபுரம் எந்த இடத்தில் கண்ணுக்குப் படுமோ, அதே இடத்தில் பட்டது. "இன்னும் பாக்கல சார், வேலை" என்று சொல்லிவிட்டேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் வந்தது. மாட் போட்டு விளையாடுகிறவர்களுக்கு இது கண்டம். கம்பெனி உள்ளே எதையாவது மாற்றும்; பழைய அமைப்பை நம்பி எழுதிய மாட்கள் மறுநாளே மக்கர் பண்ணும். அவற்றை எழுதியவர்கள் திருத்திப் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் நான் செய்தியைப் பார்த்தவுடன் என் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டித்தேன். அப்டேட் உள்ளே வர வழியில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாத்தியார் போன் செய்தார்.

"சார், அப்டேட் வந்திருக்கு. எடம் பத்தலன்னு நிக்குது. என்ன பண்றது?"

வாயில் சோறு. பதில் தயாராக இருந்தது: இன்டர்நெட்டைப் பிடுங்குங்க, கண்காட்சி முடியுற வரைக்கும் எதையும் தொடாதீங்க. அவ்வளவுதான்.

"அப்டேட்டை உள்ள விடுங்க சார், ஒண்ணும் ஆகாது. வொர்க்‌ஷாப்ல வேண்டாதத எடுத்துருங்க, எடம் வந்துரும்" என்றேன்.

சோற்றை விழுங்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது?

மறுநாள் ஆபீஸ் முடியும் நேரத்துக்கு மீண்டும் போன். பட்டியலில் பெயர் தெரியாததை எல்லாம் எடுத்துவிட்டாராம். நகரத்தில் நட்டு வைத்த மரத்துக்கும் வீட்டுக்கும் சந்தாவை எடுத்தால், அந்தப் பைல்கள் கம்ப்யூட்டரை விட்டே போய்விடும். நகரத்தைத் திறக்கும்போது அந்த இடங்கள் மொட்டையாக நிற்கும். அப்டேட்டில் சாலை மாட் வேறு செத்துப்போய், திறந்ததும் சிவப்புப் பெட்டியாகப் பிழை. பதறிப்போய், அதே பெயரில் சேவ் செய்துவிட்டார். பழையது போயிற்று.

"தெருவெல்லாம் பொட்டலா கெடக்கு சார். பசங்க நாளைக்கு எதப் பாப்பாங்க?"

என் டிஸ்க்கில் அவருடைய முழு நகரம் இருந்தது. அதில் நிற்கிற ஒவ்வொரு மரமும் இருந்தது. பழைய வெர்ஷனும் இருந்தது. அது ஒழுங்காகத் திறக்கக்கூடிய கம்ப்யூட்டர் என்னுடையது ஒன்றுதான். பொறாமையில் நிரப்பிய டிஸ்க் அது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் போனை வைக்காமல், அழாமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல என் சிஸ்டத்தை எடுத்துட்டு வரேன் சார்" என்றேன்.

ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வகுப்பறையில் பிள்ளைகளும் பெற்றோரும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். திரையை மாட்டினோம். விளையாட்டின் முதல் பக்கம் வந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் வெர்ஷன் எண். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதையே பார்த்தார்.

"இது பழைய வெர்ஷன்தானே சார்."

"ஆமா."

"நீங்க அப்டேட்ட உள்ள விடலயா?"

நான் மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் நகரத்தைத் திறந்தார். ஏற நேரம் பிடித்தது; அத்தனை சாமான்கள். அந்த நேரம் முழுவதும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பாலம் வந்தது, ஆறு வந்தது, கோபுரம் வந்தது. மரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. பின்னால் நின்ற ஓர் அம்மா, "எங்க தெரு மாதிரியே இருக்கே! யாரு சார் கட்டுனது?" என்று கேட்டார்.

"ஊர் நான் கட்டுனதுங்க. கம்ப்யூட்டர் சாரோடது" என்றார் வாத்தியார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னை அவர் காட்டிக்கொடுத்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அப்போதும் அந்தப் பாழாய்ப்போன கோபுரத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.